மின்விசிறியில் தொடங்கும் பேட்டரிக் கணக்கு

அடிக்கடி மின்சாரம் போகும் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். 150 ஆம்பியர்-மணி போதுமா, 200 வேண்டுமா, ஒன்று போதுமா, இரண்டு மாட்டலாமா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் நீண்ட நேரம் மின்சாரம் போகும் வீடாக இருந்தால் இந்தக் கேள்வி சரியானதே. எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ற பேட்டரியை வாங்கிவிடலாம். ஆனால் ஒரே நாளில் மூன்று நான்கு முறை மின்சாரம் போய் வரும் வீட்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரு மின்தடைக்கும் அடுத்த மின்தடைக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில், எடுத்த மின்னூட்டம் முழுவதையும் பேட்டரிக்குத் திருப்பித் தர முடிகிறதா என்பதே அது. முடியவில்லை என்றால் எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் சில நாள்களில் அது கையை விரித்துவிடும்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கூரையில் சுழலும் மின்விசிறிதான். எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு விளக்குக்கான செலவு ஒன்றுக்கு ஒன்பது பத்து வாட் என்று சுருங்கிவிட்டது. இன்வெர்ட்டரில் இன்று ஓடும் சுமையில் முக்கால் பங்குக்கு மேல் மின்விசிறியுடையதாக இருப்பது சாதாரணம். ஆகவே கணக்கை அறையிலிருந்து தொடங்கி, விசிறி வழியாகப் பேட்டரிக்கு வருவதே முறை.

சீலிங் ஃபேனின் அளவு என்று நாம் சொல்வது, இறக்கைகளின் நுனி சுழலும்போது வரையும் வட்டத்தின் விட்டம். 900, 1050, 1200, 1400 மில்லிமீட்டர் ஆகியவை வழக்கமாகக் கிடைப்பவை. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவிலான படுக்கையறைக்கு 1200 பொருத்தமானது. 1200 மில்லிமீட்டர் விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 230 கன மீட்டர் காற்றைத் தள்ளும். பன்னிரண்டுக்குப் பத்து அடி, பத்தடி உயரம் கொண்ட அறையின் மொத்தக் கொள்ளளவே 34 கன மீட்டர்தான். அறையின் காற்றை நிமிடத்துக்கு ஆறு முறை புரட்டிப் போடும் திறன் அங்கே இருக்கிறது என்பதால், அந்த அறைக்கு அதைவிடப் பெரிய விசிறி தேவைப்படாது.

சிறிய அறைக்குச் சிறிய விசிறி என்ற எண்ணம் பாதிதான் சரி. 900 மில்லிமீட்டர் விசிறி போதிய காற்றுத் தர அதிக வேகத்தில் சுழல வேண்டியிருக்கிறது. அதனால் இரைச்சல் கூடும், மின்செலவும் 1200-ஐவிடச் சொல்லிக்கொள்ளும்படி குறைந்துவிடாது. எட்டுக்கு எட்டடி அறையில்கூட 1200 விசிறியை மாட்டினால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே இரண்டடி இடைவெளி கிடைக்கிறது. குறைந்தது ஒன்றரை அடி இருந்தால் போதும் என்பதால், அந்த அறையிலும் 1200-ஐ மாட்டி மூன்றாம் வேகத்தில் ஓட விடுவதே சிக்கனம். ஆறடி அகலமுள்ள தடுப்பறை, சமையலறை மூலை போன்ற இடங்களுக்குத்தான் 900 உண்மையில் தேவைப்படும்.

இருபதுக்குப் பன்னிரண்டு அடி கூடத்துக்கு என்ன செய்வது? 1400 விசிறி ஒன்றை நடுவில் மாட்டுவோர் உண்டு. என் பார்வையில் நீள வாக்கில் இரண்டு 1200 விசிறிகளை மாட்டுவதே மேல். விசிறியின் காற்று அதன் நேர் கீழே வலுவாகவும் விலக விலக மெலிந்தும் இருக்கும். நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால் கூடத்தின் இரு கோடிகளிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று போதாமல், எப்போதும் முழு வேகத்திலேயே வைத்திருப்பார்கள். இரண்டு இருந்தால் மின்தடையின்போது ஆள் இருக்கும் பக்கத்தில் உள்ளதை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்; இன்வெர்ட்டர் வயரிங் செய்யும்போதே ஒன்றை மட்டும் அதில் சேர்த்துவிடவும் செய்யலாம்.

உயரமும் கவனிக்கத்தக்கது. இறக்கைகள் தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடி உயரத்தில் இருப்பது நல்லது; ஏழடிக்குக் கீழே வரவே கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஓரடியாவது விட வேண்டும், ஏனெனில் மேலிருந்து காற்றை இழுத்துத்தான் அது கீழே தள்ளுகிறது. பதினான்கடி உயரக் கூரை உள்ள வீட்டில் காற்று போதவில்லை என்றால், விசிறியை மாற்றுவதற்கு முன் தொங்கும் கம்பியை நீளமாக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

அட்டைப்பெட்டியில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இறக்கையின் அகலமும் சாய்வும் குறைவாக இருந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வராது. பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, அதற்கு எத்தனை வாட். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பது கிடைக்கும். அடிக்கடி மின்சாரம் போகும் வீட்டில் ஒரு விசிறியை மற்றொன்றோடு ஒப்பிட இந்த வகுத்தலைப் போல் உதவும் அளவுகோல் வேறில்லை.

அந்த வகுத்தலைச் செய்து பார்த்தால் விசிறிகள் இரண்டு இனமாகப் பிரிந்து நிற்பது தெரியும். வழக்கமான இண்டக்‌ஷன் மோட்டார் விசிறி 1200 அளவில் 70 முதல் 80 வாட் எடுக்கும். வாட்டுக்கு மூன்று கன மீட்டர் அளவில் தேறும். பி.எல்.டி.சி. எனப்படும், சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் கொண்ட விசிறி அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தந்துவிடும். அது வாட்டுக்கு ஆறு, ஏழு கன மீட்டர். வேறுபாட்டைக் கையாலேயே உணரலாம். பழைய விசிறியை இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறி அதன் நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுடும். காற்றைத் தள்ளுவதற்கு உண்மையில் தேவைப்படும் ஆற்றல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அந்தச் சூடாகப் போய்விடுகிறது. மின்சாரம் இருக்கும்போது இந்த வீணடிப்பு மின் கட்டணத்தோடு போகிறது. மின்தடையில் அது பேட்டரியிலிருந்து உருவி எடுக்கப்படுகிறது.

வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் அளவிலும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. விசிறியைச் சுழற்றத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் தேவை வெகுவாகக் குறையும். பி.எல்.டி.சி. விசிறி இதன் பலனை ஏறக்குறைய முழுதாகத் தருகிறது. முழு வேகத்தில் 30 வாட் எடுப்பது மூன்றாம் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு இறங்கிவிடும். இண்டக்‌ஷன் விசிறியில் மோட்டாருக்குள் நடக்கும் இழப்பு வேகத்தோடு அப்படி இறங்குவதில்லை. பழைய, பெட்டி போன்ற சுருள் ரெகுலேட்டராக இருந்தால் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும்.

இனி பேட்டரி. பெட்டியில் 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதன் பொருள், 150 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் என்பதன்று. அருகிலேயே சி20 என்று சிறிய எழுத்தில் இருக்கும். 27 டிகிரி செல்சியஸில், ஏழரை ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் நிதானமாக எடுத்தால் 150 கிடைக்கும் என்பதே அதன் விளக்கம். வேகமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். பத்து மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் எடுத்தால் அதே பேட்டரி ஏறத்தாழ 120 முதல் 130 வரைதான் தரும். ஆகவே சி10 என்று குறித்து 150 எழுதப்பட்ட பேட்டரி, சி20 என்று குறித்து 150 எழுதப்பட்டதைவிடப் பெரியது. இரண்டையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது, சேரையும் படியையும் ஒன்றென்று எண்ணுவது போல.

இன்வெர்ட்டர் பெட்டியில் உள்ள 900 வி.ஏ. போன்ற எண்ணுக்கும் ஓடும் நேரத்துக்கும் தொடர்பில்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதையே அது சொல்கிறது. நமக்கு வேண்டிய வேறொரு எண் அதன் கையேட்டுக்குள் ஒளிந்திருக்கும். பேட்டரிக்கு எத்தனை ஆம்பியரில் மின்னேற்றம் செய்யும் என்பதே அது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று இருக்கலாம். நான் பார்த்த வரையில் வாங்குபவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். இரண்டு படுக்கையறைகள், மேலே சொன்ன நீளக் கூடம் ஒன்று. மின்தடையின்போது மூன்று விசிறிகள், ஒன்பது வாட் விளக்குகள் நான்கு, பத்து வாட் எடுக்கும் வைஃபை பெட்டி ஆகியவை ஓடுகின்றன. மின்சாரம் இரண்டு மணி நேரம் போகிறது, நான்கு மணி நேரம் இருக்கிறது, மறுபடியும் இரண்டு மணி நேரம் போகிறது. இப்படி ஒரு நாளில் நான்கு சுற்று. பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, ட்யூபுலர் வகை.

விசிறிகள் பழைய வகை, ஒவ்வொன்றும் 75 வாட் என்றால் மூன்றுக்கும் 225, மற்றவை 46, ஆக ஏறத்தாழ 270 வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் 270-ஐ, 12 வோல்ட்டின் ஐந்தில் நான்கு பங்கான 9.6-ஆல் வகுத்த அளவு, அதாவது 28 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் 56 ஆம்பியர்-மணி போய்விடும்.

திரும்ப வருவது எவ்வளவு? இன்வெர்ட்டரின் மின்னேற்றம் 15 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரங்களையும் பேட்டரி நிரம்ப நிரம்ப ஓட்டம் குறைவதையும் கருதி, சராசரியாக 12 என்று கொள்வது நடப்புக்கு நெருக்கமாக இருக்கும். நான்கு மணி நேரத்தில் 48 உள்ளே போகிறது. ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து நூறு எடுத்தால் நூற்றிருபது அளவில் திருப்பித் தந்தால்தான் அது பழைய நிலைக்கு வரும். ஒரு பகுதி வெப்பமாகவும் நீரைப் பிரித்து வாயுவாக்குவதிலும் போய்விடும். ஆகவே 48 கொடுத்ததில் உண்மையில் சேர்வது 40. எடுத்தது 56, சேர்ந்தது 40. ஒவ்வொரு சுற்றிலும் 16 துண்டு விழுகிறது.

28 ஆம்பியர் வேகத்தில் எடுக்கும்போது, அழுத்தம் பத்தரை வோல்ட் அளவுக்கு இறங்கி இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் வரை இந்தப் பேட்டரி ஏறத்தாழ 115 ஆம்பியர்-மணி தரும் எனக் கொள்ளலாம். முதல் நாள் நான்கு மின்தடைகளையும் அது எந்தக் குறையும் தெரியாமல் தாண்டிவிடும். நான்கு சுற்று முடிந்த நிலையில் 64 குறைவாக நிற்கும் பேட்டரியிலிருந்து ஐந்தாம் மின்தடையில் இன்னும் 56 எடுக்க வேண்டும், கூட்டினால் 120. ஆக, இரண்டாம் நாளின் முதல் மின்தடை முடிவதற்குச் சற்று முன்பாக விசிறி நிற்கும். அதன் பிறகு நிலைமை வேறு. நான்கு மணி நேரத்தில் சேரும் 40-ஐ வைத்து 28 ஆம்பியர் வேகத்தில் ஓட்டினால், ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் மட்டுமே ஓடும்; மீதி முப்பத்தைந்து நிமிடம் ஒவ்வொரு முறையும் இருட்டும் புழுக்கமும்தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் இரண்டாவது பேட்டரியை வாங்குகிறார்கள். நானும் வாங்கியவன்தான். அதே இன்வெர்ட்டரில் இன்னொரு 150-ஐ இணையாகச் சேர்த்து மாட்டினேன். முதல் மூன்று நாள் அருமையாக ஓடியது. செலவு வீண்போகவில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். நான்காம் நாள் இரவு பழையபடி நின்றது. கணக்கைப் போட்டிருந்தால் அதை முன்பே சொல்லியிருக்கலாம். சுமை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றிலிருந்தும் மெதுவாக எடுக்கப்படுவதால், இரண்டு பேட்டரிகளிலும் சேர்த்து 260 அளவில் கையிருப்பு. ஒரு சுற்றுக்கு 16 துண்டு விழுந்தால் பதினான்காம் மின்தடையில் அது தீர்கிறது, அதாவது நான்காம் நாளில். தீர்ந்த பிறகு ஒவ்வொரு மின்தடையிலும் ஓடும் நேரம் அதே ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கே வந்து நின்றது. தொட்டியைப் பெரிதாக்கினேனே தவிர, அதில் நீர் விழும் குழாய் அதே குழாய்தான். மின்னேற்றத்தின் ஆம்பியரைக் கூட்டக்கூடிய இன்வெர்ட்டரையோ, 24 வோல்ட் இன்வெர்ட்டரையோ சேர்த்து வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 24 வோல்ட்டில் அதே ஆம்பியர் இரு மடங்கு ஆற்றலைக் கொண்டு சேர்க்கும்.

இப்போது பேட்டரியைத் தொடாமல் விசிறிகளை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 30 வாட் வீதம் மூன்று பி.எல்.டி.சி. விசிறிகளுக்கு 90, மற்றவை 46, மொத்தம் 136 வாட். மின்னோட்டம் 14 ஆம்பியர் சொச்சம். இரண்டு மணி நேரத்துக்கு 28 ஆம்பியர்-மணி. அதைத் திருப்பித் தர 34 வேண்டும். 12 ஆம்பியர் வீதத்தில் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகவும் இருக்கிறது. பேட்டரி ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, பழையபடி ஏறுகிறது. துண்டு விழுவதே இல்லை.

அந்த மிச்ச நேரம் அற்பமானதன்று. ஈய-அமிலப் பேட்டரி எண்பது விழுக்காடு வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி இருபது விழுக்காட்டுக்கு மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து, நேரம் இழுக்கும். அந்தக் கடைசிப் பகுதி எட்டப்படாமலே வாரக்கணக்கில் போனால், தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அது கரையாது. கனமான அமிலம் அடியில் தங்க, மேலே தண்ணீர் போன்று மெலிந்து நிற்பதும் நடக்கும். அரைகுறை மின்னேற்றத்திலேயே கிடக்கும் பேட்டரி ஐந்து ஆண்டு உழைக்க வேண்டியது இரண்டு ஆண்டில் ஓய்ந்துபோவது இதனால்தான். வாங்கியது மோசமான பேட்டரி என்று பழி அதன்மேல் விழும்.

அப்படியானால் இந்த வீட்டுக்கு எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி சரி? இரண்டு மணி நேர மின்தடை மட்டும் என்றால் 100 ஆம்பியர்-மணியே தாங்கும். எப்போதாவது ஆறு மணி நேரம் தொடர்ந்து போகும் என்பதையும் எண்ணிப் பார்த்தால் 85 தேவைப்படுகிறது. அதற்கு 150 பேட்டரியில் அறுபது விழுக்காட்டுக்குள் வேலை முடிந்துவிடும். பேட்டரியை இந்த அளவுக்கு மேல் இறக்காமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால் 150 சரியான தேர்வு. பத்து ஆம்பியர் மட்டுமே தரும் இன்வெர்ட்டரோடு 220 பேட்டரியை இணைப்பது நான் பரிந்துரைக்க விரும்பாத சேர்க்கை. கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் மின்னேற்றம் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 150-க்கு 15, 220-க்கு 22.

பி.எல்.டி.சி. விசிறிக்கும் சில நிபந்தனைகள் உண்டு. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக அதற்கு மின்சாரம் தரக் கூடாது. ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்தோ அலையை வெட்டியோ தருவதால், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பலகை தடுமாறி நின்று நின்று ஓடும், நாளடைவில் பழுதாகும். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஸ்விட்சை மட்டும் விட வேண்டும். அடுத்தது, மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கணத்தில் விசிறி முன்பிருந்த வேகத்திலேயே தானாகத் தொடர வேண்டும். இந்த நினைவாற்றல் இல்லாத சில விசிறிகள் நின்றுவிட்டு ரிமோட்டுக்காகக் காத்திருக்கும். இரவில் நான்கு முறை எழுந்து ரிமோட்டைத் தேடியவர்களுக்கே அதன் அருமை தெரியும். வாங்கும் இடத்திலேயே ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரம் திரும்ப வரும்போது ஏற்படும் அழுத்த உயர்வில் அந்தப் பலகை போய்விடும் வாய்ப்பும் இருக்கிறது. பழைய விசிறி இரண்டரை மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மாற்றினால் ஓடிவிடும்; இதில் பலகையையே மாற்ற வேண்டும். எனவே உத்தரவாதக் காலம் பலகைக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய விசிறிகளையே வைத்திருப்பவர்களுக்கு இன்வெர்ட்டரின் அலை வடிவம் முக்கியமாகிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் விசிறி உறுமும், மோட்டார் கூடுதலாகச் சூடாகும், காற்றும் சற்றுக் குறையும். மின்சாரம் போன உடனே கூரையிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தச் சத்தம் வராது.

பேட்டரி நிற்கும் நேரம் குறைகிறது என்று தெரிந்ததும், அது மின்னேற்றப் பற்றாக்குறையா, பேட்டரியே ஓய்ந்துவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். முதல் அடையாளம் நாள்களின் போக்கில் இருக்கிறது. மின்தடை மிகுந்த வாரத்தில் நாளுக்கு நாள் நேரம் குறைந்து, மின்தடை ஓய்ந்த இரண்டு மூன்று நாள்களில் தானாகச் சரியானால் அது பற்றாக்குறை. ஒரு முழு நாள் தடையின்றி மின்னேறிய பிறகும் அரை மணி நேரத்தில் நிற்கிறதென்றால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்குப் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று போதும். ரப்பர் குமிழும் கண்ணாடிக் குழாயும், குழாய்க்குள் மிதக்கும் ஒரு சிறு கண்ணாடித் தக்கையும் கொண்டு அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி அது. பேட்டரி முழுதாக மின்னேறி, இரண்டு மணி நேரம் ஓய்ந்த பிறகு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பக்கத்தில் தீயோ சிகரெட்டோ இல்லாமல், ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அமிலத்தை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். முழு மின்னூட்டத்தில் உள்ள ட்யூபுலர் பேட்டரியில் தக்கை 1.240-க்கும் 1.260-க்கும் இடையே நிற்கும். அன்றைக்குத்தான் காய்ச்சி வடித்த நீர் ஊற்றியிருந்தால் அளவு தவறாகக் காட்டும். ஒரு முறை மின்னேறிக் கலந்த பிறகே அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

ஆறு அறைகளும் ஒன்றுபோல 1.190 காட்டினால் பேட்டரி நிரம்பவே இல்லை. மின்னேற்றும் நேரமோ ஆம்பியரோ போதவில்லை என்று பொருள். சுமையைக் குறைத்து இரண்டு நாள் தொடர்ந்து மின்னேற்றினால் பெரும்பாலும் மேலே வரும். ஐந்து அறைகள் 1.240-இல் நிற்க, ஒன்று மட்டும் 1.150-இல் கிடந்தால் அந்த அறை போய்விட்டது. ஆறும் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால் அந்த ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்து நிறுத்திவிடும். அதை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை; அதோடு புதிய பேட்டரி ஒன்றை இணையாகச் சேர்ப்பதும் வீண், பழையதின் குறையை நிரப்பிக்கொண்டே புதியதும் தேய்ந்துபோகும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை மாற்றுகின்றன. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒன்று 1,280 வாட்-மணி வைத்திருக்கும். அதில் எண்பது, தொண்ணூறு விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம். எடுத்ததைக் காட்டிலும் சற்றே கூடுதலாகத் தந்தால் போதும். அரைகுறையாகக் கிடந்தாலும் சல்பேட் தொல்லை இல்லை. 30, 40 ஆம்பியரிலும் மின்னேற்றிக்கொள்ளும். ஆனால் அந்த ஆம்பியரை இன்வெர்ட்டர் தந்தால்தானே வாங்கிக்கொள்ளும்? ஈய-அமிலப் பேட்டரிக்கென்று செய்யப்பட்ட 12 ஆம்பியர் இன்வெர்ட்டரில் அதைக் கொண்டுபோய் மாட்டினால், மேலே போட்ட கணக்கில் நான்கு மணி நேரத்தில் சேரும் 40 என்பது 46, 47 ஆக உயரும், அவ்வளவே. பழைய விசிறிகள் மூன்றும் கேட்கும் 56-க்கு அதுவும் எட்டாது.